வைர மோதிரத்தில் 18 காரட் ஏன்? தங்கத்தின் விலையையும் கல்லின் விலையையும் பிரிப்பது எப்படி?

வைர மோதிரம் ஒன்றைப் பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும் கண்ணாடி வைத்து ஒருமுறையாவது பாருங்கள். கல்லைப் பார்க்க வேண்டாம், அதைப் பிடித்திருக்கும் உலோகத்தைப் பாருங்கள். நான்கோ ஆறோ மெல்லிய தங்க விரல்கள் கல்லின் ஓரத்தில் எழும்பி, நுனி மட்டும் உள்பக்கமாக மடிந்து, கல்லின் மேல் படிந்திருக்கும். இந்த விரல்களைப் பிராங் என்பார்கள். ஒரு சின்னக் கல்லைப் பிடித்திருக்கும் பிராங் நுனி ஒரு மில்லிமீட்டர் அகலம்கூட இருக்காது. மோதிரத்தின் விலையில் பெரும்பங்கு இந்த நாலைந்து நுனிகளின் பிடியில்தான் இருக்கிறது.

"கல்லுக்கு இவ்வளவு விலை கொடுக்கிறோம், தங்கம் மட்டும் ஏன் 18 காரட்? நல்ல தங்கத்தில் செய்யக் கூடாதா?" என்று பலரும் கேட்பார்கள். அதற்கான பதில் அந்த நுனியில் இருக்கிறது.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். தங்கத்துக்குச் சொல்லும் காரட் தூய்மையின் அளவு. 24 பங்கில் எத்தனை பங்கு தங்கம் என்பதைத்தான் அது சொல்கிறது. 18 காரட் என்றால் எடையில் முக்கால்வாசி தங்கம், மீதி வேறு உலோகங்கள். நகையில் 750 என்று முத்திரை இருப்பது ஆயிரத்தில் 750 பங்கு என்ற பொருளில். 22 காரட்டுக்கு 916. வைரத்துக்குச் சொல்வது எடை. ஒரு கேரட் என்பது 0.2 கிராம். உச்சரிப்பு ஒன்றுபோலவே இருப்பதால் இரண்டும் குழம்பும். இந்தக் கட்டுரையில் தங்கத்துக்குக் காரட் என்றும் கல்லுக்குக் கேரட் என்றும் எழுதுகிறேன்.

தூய தங்கம் மிகவும் மென்மையானது. அதன் அணுக்கள் எல்லாம் ஒரே அளவில், அடுக்கடுக்காக அமைந்திருக்கின்றன. அழுத்தினால் ஓர் அடுக்கு இன்னொன்றின் மேல் சுலபமாக வழுக்கிப் போகும். அதில் செம்பைக் கலந்தால், செம்பு அணு தங்க அணுவைவிடச் சிறியது என்பதால் அடுக்குகள் சீராக இருக்காமல் அங்கங்கே நெளிகின்றன. நெளிந்த அடுக்குகள் அவ்வளவு எளிதில் வழுக்காது. வெள்ளி அணு ஏறக்குறைய தங்கத்தின் அளவே இருப்பதால் அது இந்த வேலையைக் குறைவாகத்தான் செய்கிறது. கடினத்தைப் பெரிதும் தருவது செம்பு.

இங்கே பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 22 காரட்டில் கலப்பு எட்டு சதவீதம், 18 காரட்டில் 25 சதவீதம் என்று எடையில் சொல்கிறோம். ஆனால் தங்க அணு மிகக் கனமானது, செம்பு அணுவோ அதில் மூன்றில் ஒரு பங்கு எடைதான். அதனால் எண்ணிக்கையில் பார்த்தால் நிலைமை வேறு. கலப்பு பாதி வெள்ளி, பாதி செம்பு என்று வைத்துக் கணக்குப் போட்டேன். 22 காரட்டில் நூறு அணுவுக்குச் சுமார் 18 அணுக்கள் தங்கமல்லாதவை. 18 காரட்டில் அது சுமார் 45. அதாவது 18 காரட் தங்கத்தில் பாதிக்குச் சற்றுக் குறைவான அணுக்கள் வேறு உலோகம். கையில் எடுத்து வளைத்துப் பார்த்தால் இரண்டுக்கும் இவ்வளவு வித்தியாசம் தெரிவது இதனால்தான்.

சரி, இந்தக் கடினம் பிராங்குக்கு என்ன செய்கிறது? கல் பதிப்பவர் ஒவ்வொரு பிராங்கின் உள்பக்கத்திலும் ஒரு சிறு வெட்டுப் போடுவார். கல்லின் விளிம்பு அந்த வெட்டில் உட்காரும். பிறகு நுனியைக் கல்லின் மேல் மடக்கி அழுத்துவார். வெட்டுப் போட்ட இடத்தில் உலோகம் ஏற்கெனவே மெலிந்துவிட்டது. அணிந்தபிறகு அந்த இடம்தான் தினமும் அடி வாங்குகிறது. பையில் கைவிடும்போது துணியில் மாட்டும், மேசையில் இடிக்கும், துண்டால் துடைக்கும்போது நூல் இழுக்கும். மென்மையான உலோகம் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் விலகும், ஆனால் பழைய இடத்துக்குத் திரும்பாது. 18 காரட் கொஞ்சம் வளைந்தாலும் ஸ்பிரிங் மாதிரி திரும்பி வரும். தேய்மானமும் குறைவு.

என் அக்கா தன் வைரத் தோட்டை 22 காரட்டில்தான் வேண்டும் என்று பிடிவாதமாகச் செய்யச் சொன்னார். செய்தவரும் மறுக்கவில்லை. எட்டு மாதம் ஆனபோது தலை துவட்டும் துண்டின் நூல் அடிக்கடி தோட்டில் மாட்டத் தொடங்கியது. கண்ணாடி வைத்துப் பார்த்தால், ஒரு பிராங்கின் நுனி கல்லைவிட்டு ஒரு மயிரிழை எழும்பி நின்றது. நல்லவேளை, கல் விழவில்லை. நூல் மாட்டுவதுதான் முதல் அறிகுறி. அடுத்தது சத்தம்: நகையைக் காதருகே வைத்து விரலால் தட்டினால், தளர்ந்த கல் மெதுவாகக் கிலுகிலுக்கும். இந்த இரண்டில் எது தெரிந்தாலும் அணிவதை நிறுத்திவிட்டு, பிராங்கை இறுக்கித் தரச் சொல்ல வேண்டும்.

சின்னக் கற்களை நெருக்கமாகப் பதிக்கும் வேலையில் இது இன்னும் கூர்மையாகத் தெரியும். அங்கே தனிப் பிராங்கே கிடையாது. நகையின் பரப்பிலிருந்தே உளியால் சிறு தங்க மணிகளை எழுப்பி, அவற்றைக் கல்லின் ஓரத்தில் அழுத்திவிடுவார்கள். கடுகைவிடச் சிறிய அந்த மணி மென்மையான தங்கத்தில் இருந்தால் சீக்கிரமே தேய்ந்து தட்டையாகிவிடும்.

வெள்ளைத் தங்கம் கேட்பவர்களுக்கு இன்னொரு காரணமும் சேர்கிறது. மஞ்சள் நிறத்தைப் போக்க பலேடியமோ நிக்கலோ தாராளமாகக் கலக்க வேண்டும். 18 காரட்டில் அதற்கு 25 சதவீத இடம் இருக்கிறது. 22 காரட்டில் எட்டு சதவீதத்துக்குள் அது முடியாது, நிறம் மஞ்சளாகவே நிற்கும்.

அப்படியானால் இன்னும் குறைத்து 14 காரட்டில் செய்யலாமே என்றால், செய்கிறார்கள். பிடிப்புக்கு அது போதும், விலையும் குறையும். ஆனால் தங்கம் 58 சதவீதம் அளவுக்கு இறங்கும்போது நிறம் வெளுக்கிறது அல்லது செம்மையேறுகிறது, நாளடைவில் கறுக்கும் வாய்ப்பும் கூடுகிறது. நிறமும் பிடிப்பும் ஒன்றுசேரும் இடமாக 18 காரட் நிலைத்துவிட்டது. மற்றபடி, கல்லைச் சுற்றி முழு வளையமாகத் தங்கத்தை மடக்கிப் பிடிக்கும் அமைப்பு என்றால் 22 காரட்டும் தாங்கும். பிராங்கை வைத்துச் செய்யும்போதுதான் 18 கட்டாயம் போல ஆகிறது.

விலைக்கும் இதில் பங்குண்டு. 18 காரட் தங்கம் 22 காரட்டைவிட அடர்த்தி குறைந்தது. ஒரே அச்சில் வார்த்த மோதிரம் 18 காரட்டில் 4 கிராம் என்றால், 22 காரட்டில் ஏறக்குறைய 4.6 கிராம் வரும். அதிலுள்ள தூய தங்கம் முதலில் 3 கிராம், இரண்டாவதில் 4.2 கிராம். பார்வைக்கு அதே மோதிரம்தான், தங்கம் மட்டும் 40 சதவீதம் அதிகம். பிடிப்போ குறைவு.

இனி பில்லுக்கு வருவோம். ஒரு மோதிரத்தை எடுத்துக்கொண்டு கடைசிவரை கணக்குப் போடுவோம். எந்த நாட்டு நாணயமானாலும் கணக்கு ஒன்றுதான் என்பதால், தூய தங்கம் ஒரு கிராம் 100 பணம் என்று வைத்துக்கொள்ளலாம். மற்ற விலைகளும் விளக்குவதற்காக நான் வைத்தவையே.

மோதிரத்தைத் தராசில் வைத்தால் 4.120 கிராம். இது மொத்த எடை. இதில் நடுவில் 0.30 கேரட் கல் ஒன்று, சுற்றிலும் ஒவ்வொன்றும் 0.02 கேரட்டாகப் பதினைந்து கற்கள். பதினைந்தும் சேர்ந்து 0.30. ஆக மொத்தம் 0.60 கேரட். கேரட்டைக் கிராமாக்க ஐந்தால் வகுத்தால் போதும்: 0.120 கிராம். மொத்த எடையிலிருந்து இதைக் கழித்தால் 4.000 கிராம். இதுதான் தங்கத்தின் நிகர எடை. தங்கத்துக்குக் கொடுக்கும் காசு இந்த எடைக்கு மட்டுமே.

18 காரட் தங்கம் கிராம் 75 பணம். நான்கு கிராமுக்கு 300.

தங்கம் என்ற இந்த ஒரு வரியிலேயே மூன்று விதமாகத் தவறு நடக்கும். மொத்த எடைக்கே தங்க விலை போட்டால் 309 ஆகும். வித்தியாசம் ஒன்பதுதானே என்று தோன்றலாம். ஆனால் பத்து கேரட் கல் பதித்த கழுத்தணியில் இதே தவறு இரண்டு கிராம், 150 பணம். வைரத்துக்குத் தனியாகவும் காசு, தங்கமாகவும் காசு என்று ஒரே கல்லுக்கு இரண்டு முறை கொடுத்ததாகிவிடும். இரண்டாவது, நகை 18 காரட்டாக இருக்க, விலையை 22 காரட் கணக்கில் போடுவது. அப்போது 300 இருக்க வேண்டிய இடத்தில் சுமார் 367 வரும். மூன்றில் பெரியது இதுதான், கண்ணில் படாமல் போவதும் இதுதான், ஏனென்றால் அன்றைய தங்க விலை என்று நாம் மனதில் வைத்திருப்பது பெரும்பாலும் 22 காரட்டின் விலையோ 24-இன் விலையோதான். மூன்றாவது, 0.60 கேரட்டை 0.60 கிராம் என்று எழுதிவிடுவது. நிகர எடை 3.520 என்று ஆகும். வாங்கும்போது இது நமக்கு லாபம் போலத் தெரியும். பின்னாளில் அந்தப் பில்லை வைத்துத் திருப்பிக் கொடுக்கும்போது ஏறக்குறைய அரை கிராம் தங்கம் கணக்கில் காணாமல் போயிருக்கும்.

எடையில் நடக்கும் தவறுகளைப் பிடிக்க ஒரே சோதனை போதும். பில்லில் உள்ள நிகர எடையோடு கேரட்டை ஐந்தால் வகுத்துக் கூட்டினால் மொத்த எடை வர வேண்டும். வரவில்லை என்றால் காசு கொடுக்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். விலைக்கு, தூய தங்க விலையை 0.75-ஆல் பெருக்கிப் பார்க்க வேண்டும்.

இப்போது கல். பெரிய பணம் கைமாறும் இடம் இதுதான்.

வைரத்தின் விலை எடையோடு நேராக ஏறாது. கல் பெரிதாகப் பெரிதாக, ஒரு கேரட்டுக்கான விலையே ஏறும். பெரிய கல் கிடைப்பது அரிது என்பது அதற்குக் காரணம். நம் மோதிரத்தின் நடுக்கல் கேரட்டுக்கு 1400 பணம் என்று வைத்தால், 0.30 கேரட்டுக்கு 420. சின்னக் கற்கள் கேரட்டுக்கு 500 என்றால், அதே 0.30 கேரட்டுக்கு 150. கல்லுக்கு மொத்தம் 570. எடை சரிபாதியாக இருந்தும் விலை ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்றாகப் பிரிகிறது.

இரண்டையும் சேர்த்து "வைரம் 0.60 கேரட்" என்று ஒரே வரியில் எழுதினால் இந்தப் பிரிவு மறைந்துவிடும். யாராவது நடுக்கல்லின் விலையை முழு 0.60-க்கும் போட்டுவிட்டால் 840 ஆகும். 270 பணம் கூடுதல்! மோதிரத்தில் உள்ள மொத்தத் தங்கத்தின் மதிப்பே 300 தான். தங்கத்தில் ஒரு மில்லிகிராமுக்குச் சண்டை போட்டுவிட்டு இந்த வரியைப் பார்க்காமல் கையெழுத்துப் போடுகிறவர்களை நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கும். நடுக்கல் தனி வரியில், சின்னக் கற்கள் எண்ணிக்கையோடு தனி வரியில் என்று எழுதித் தரச் சொல்லுங்கள். கேட்டால் தருவார்கள்.

எழுதிய கேரட் உண்மைதானா என்று கல்லைக் கழற்றாமலே ஓரளவு பார்க்கலாம். வட்டமாகப் பட்டை தீட்டிய வைரத்துக்கு ஒரு கணக்கு உண்டு. விட்டத்தை மில்லிமீட்டரில் அளந்து, அதையே அதனால் பெருக்கி, கல்லின் ஆழத்தாலும் 0.0061-ஆலும் பெருக்கினால் கேரட் வரும். நம் நடுக்கல் 4.3 மில்லிமீட்டர் விட்டம், 2.6 ஆழம் இருந்தால்:

4.3 × 4.3 × 2.6 × 0.0061 = 0.293

0.30-க்கு அருகில் வந்துவிட்டது, கவலையில்லை. பதித்த கல்லின் ஆழத்தை அளப்பது கடினம் என்பதால் விட்டத்தை மட்டும் வைத்தும் பார்க்கலாம். நல்ல விகிதத்தில் தீட்டிய ஒரு கேரட் கல் சுமார் 6.5 மில்லிமீட்டர், 0.30 கேரட் சுமார் 4.3, 0.02 கேரட் சுமார் 1.7. நடுக்கல் 3.8 மில்லிமீட்டர்தான் இருக்கிறது என்றால், ஒன்று எழுதிய எடை தவறு, அல்லது கல் அளவுக்கு மீறி ஆழமாக வெட்டப்பட்டு எடை அடியில் ஒளிந்திருக்கிறது. இரண்டுமே விலையைப் பற்றிக் கேள்வி கேட்க வேண்டிய இடம்.

அப்புறம் செய்கூலி. பதினாறு கற்களைக் கையால் பதிப்பதற்கும், வார்த்து மெருகேற்றுவதற்கும் சேர்த்து 90 பணம் என்று வைப்போம். மோதிரம் முழுவதற்கும் 300, 570, 90, ஆக 960. தங்கம் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இப்படிப் பிரித்து எழுதியதும் வேறு சில விஷயங்களும் தெளிவாகும். தங்கத்தின் விலை இரட்டிப்பாகி கிராம் 200 பணம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். மோதிரம் இரட்டிப்பாகாது. பில்லில் தங்கத்துக்கான தொகை 600 ஆகும், மற்ற இரண்டும் அப்படியே இருந்தால் மொத்தம் 1260. ஏற்றம் 31 சதவீதம்தான். "தங்கம் ஏறிவிட்டது, வைர மோதிரத்தை விற்கலாம்" என்று நினைப்பவர் முதலில் தன் மோதிரத்தில் தங்கத்தின் பங்கு எவ்வளவு என்று பார்க்க வேண்டும்.

அதேபோல, ஆய்வகத்தில் வளர்த்த வைரமும் நிலத்தடியில் கிடைத்த வைரமும் ஒரே கரிமம், ஒரே அடர்த்தி, ஒரே எடை. தராசு இரண்டையும் பிரித்துச் சொல்லாது, பெருக்கல் கணக்கும் சொல்லாது. ஆனால் ஆய்வகக் கல்லின் விலை மிகக் குறைவு. பில்லில் தங்கத்துக்கான தொகை ஒரு பைசா மாறாமல், கல்லுக்கான தொகை மட்டும் சரிந்துவிடும். நடுக்கல்லுக்குத் தனிச் சான்றிதழ் கேட்பது முக்கியமாக இதற்காகத்தான். சின்னக் கற்களுக்கு ஒவ்வொன்றாகச் சான்றிதழ் கொடுக்க மாட்டார்கள், கொடுத்தால் அந்தச் செலவு கல்லின் விலையைத் தாண்டிவிடும். அவை எந்த வகை என்பதைப் பில்லிலேயே எழுதி வாங்க வேண்டும்.

விற்கும் நாள் வரும்போது பில்லின் மூன்று வரிகளும் மூன்று விதமாக நடந்துகொள்ளும். செய்கூலி முழுதாகப் போய்விடும். தங்கம் ஏறக்குறைய முழுதாகத் திரும்பி வரும், உருக்கிச் சுத்தம் செய்யும் செலவு மட்டும் கழியும். நடுக்கல்லுக்கு, வாங்கிய விலையைவிட மிகக் குறைவாகத்தான் கிடைக்கும், வியாபாரி அதை இன்னொருவருக்கு விற்க வேண்டுமே. சின்னக் கற்களைப் பெரும்பாலும் கணக்கிலேயே எடுக்க மாட்டார்கள். கழற்றித் தரம் பிரிக்கும் கூலியே அவற்றின் விலையைத் தின்றுவிடும்.

தூய்மையை எக்ஸ்ரே கருவியில் வைத்துப் பார்ப்பார்கள். அது நகையின் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலத்தை மட்டுமே படிக்கும். வெள்ளைத் தங்கத்தின் மேல் ரோடியம் பூச்சு இருந்தால் தங்கம் குறைவாகத் தெரியும். அப்படி வந்தால் உள்பக்கத்தில் ஒரு புள்ளி அளவு பூச்சைச் சுரண்டிவிட்டு மறுபடி பார்க்கச் சொல்லலாம். கல்லோடு சேர்த்து உருக்க மட்டும் விடக் கூடாது. வைரம் கரிமம் என்பதால், காற்றில் கடுஞ்சூடு பட்டால் அதன் மேற்பரப்பு எரிந்து பால்போல மங்கிவிடும்.

உங்கள் கண்முன்னே கற்களைக் கழற்றச் சொல்லுங்கள். பொற்கொல்லர் பிராங் நுனிகளை ஒவ்வொன்றாக நிமிர்த்தி, ஒரு வெள்ளைத் தாளின் மேல் மோதிரத்தைக் கவிழ்த்துத் தட்டுவார். முதலில் நடுக்கல் விழும், பிறகு பதினைந்தும். தாளிலிருந்து கற்களை மட்டும் தராசில் போட்டால் 0.120 காட்ட வேண்டும். வெறும் தங்கத்தை வைத்தால் 4.000 இருக்காது, பத்து வருடம் அணிந்த மோதிரம் என்றால் 3.96 போலக் காட்டும். அந்தக் குறைவு தேய்மானம், அதை யாரும் எடுத்துக்கொள்ளவில்லை. 3.96-ஐ அன்றைய 18 காரட் விலையால் பெருக்கி அந்தத் தொகையை எழுதி வாங்குங்கள். நடுக்கல்லுக்குச் சொல்லும் விலை பிடிக்கவில்லை என்றால், அதை மட்டும் தாளில் மடித்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு வரலாம்.